வினைச்சொற்களை எண்ணாதீர்கள், வேலைகளை எண்ணுங்கள்: துணைவினையைக் கண்டுபிடிக்கும் வழி

இரண்டு வாக்கியங்கள்.

கதவைத் திறந்து பார்த்தேன், யாரும் இல்லை.
கதவைத் திறந்து பார்த்தேன், திறக்கவே இல்லை.

முன்பாதியில் ஓர் எழுத்துகூட வேறுபாடு இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் கதவு திறந்தது, கண் உள்ளே போனது. இரண்டாவதில் கதவும் திறக்கவில்லை, கண்ணும் எதையும் காணவில்லை. அங்கே ‘பார்த்தேன்’ என்பதற்கு முயன்றேன் என்று பொருள். முதல் ‘பார்’ தன் சொந்தப் பொருளில் நிற்கும் முதல்வினை. இரண்டாவது ‘பார்’ தன் பொருளை விட்டுவிட்டுத் ‘திற’ என்ற வினைக்கு ஒரு சாயலை மட்டும் கொடுக்கும் துணைவினை.

பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பார், இரு, வை, கொள், போ, வா, விடு, போடு என்று துணைவினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்து கொண்டுவந்து ஒப்பித்தாள். மேலே உள்ள இரண்டு வாக்கியங்களையும் எழுதிக் கொடுத்து, “இதில் துணைவினை எது?” என்று கேட்டேன். “இரண்டிலும் ‘பார்’ இருக்கிறது மாமா, அப்படியானால் இரண்டும்தான்” என்றாள். பட்டியலை மட்டும் நம்பினால் நேர்வது இதுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் வேறோர் இடத்தில் முதல்வினையாகவும் வரும். எனவே எந்தச் சொல் துணைவினை என்று கேட்பதில் பயனில்லை. இந்த வாக்கியத்தில் இது துணைவினையா என்றுதான் கேட்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் பக்கங்களில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ‘விட்டான்’ என்ற சொல்லைச் சேர்ப்பதா பிரிப்பதா என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது நின்று யோசிக்கிறேன். அப்போது நான் கைக்கொள்ளும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கடைசியிலிருந்து உரியுங்கள்

தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை பெரும்பாலும் கடைசியில் நிற்கும். காலமும் ‘ஆன், ஆள், ஏன், அது’ என்ற விகுதியும் அதன்மேல்தான் ஏறியிருக்கும். துணைவினை இருந்தால் அந்தச் சுமை முழுவதையும் துணைவினை வாங்கிக்கொள்ளும். முதல்வினை எச்சமாக நின்றுவிடும். ‘எழுதிவிட்டாள்’ என்பதில் எழுதுவதுதான் வேலை, ஆனால் இறந்தகாலமும் பெண்பாலும் ‘விட்டாள்’ என்பதில் இருக்கின்றன. வேலை முன்னே, விகுதி பின்னே. ஆகவே பின்னாலிருந்து தொடங்கி, வெங்காயத்தை உரிப்பதுபோல் ஒவ்வொரு வினையாகக் கழற்றிக்கொண்டு முன்னே வாருங்கள்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது, முன்னால் நிற்பது உண்மையில் வினையெச்சம்தானா என்பது. அது இரண்டு வடிவங்களில் வரும். ஒன்று, ‘வந்து, எழுதி, கேட்டு, போய்’ என்ற ‘செய்து’ வடிவம். மற்றது, ‘வர, எழுத, கேட்க, போக’ என்ற ‘செய்ய’ வடிவம். முன்னால் நிற்பது பெயர்ச்சொல் என்றால் அது வேறு கதை. ‘ஏமாற்றப்பட்டான்’ என்பதில் ‘ஏமாற்ற’ என்ற எச்சத்தோடு ‘படு’ சேர்ந்திருக்கிறது, அது துணைவினை. ‘வேதனைப்பட்டான்’ என்பதில் ‘வேதனை’ என்ற பெயரை வினையாக்குவதற்காகப் ‘படு’ வந்திருக்கிறது; அது துணைவினை இல்லை. அதேபோல் ‘கத்தியைக் கொண்டு வெட்டினான்’ என்பதில் வரும் ‘கொண்டு’, ‘கத்தியை’ என்ற பெயரைத் தொடர்ந்து வந்து ‘கத்தியால்’ என்ற பொருளைத் தருகிறது. அதையும் துணைவினைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

‘செய்து’, ‘செய்ய’ என்ற இந்த வேறுபாட்டைச் சிறிதாக நினைக்க வேண்டாம். ‘கடிதம் எழுதிவைத்தார்’ என்றால் அவரே எழுதினார், பின்னால் உதவும் என்று எழுதினார். ‘கடிதம் எழுதவைத்தார்’ என்றால் அவர் பேனாவைத் தொடவே இல்லை, வேறு ஒருவரை எழுதச் செய்தார். ஒரே ஓர் எழுத்து ‘தி’யிலிருந்து ‘த’வாக மாறியதில் எழுதிய ஆளே மாறிவிட்டார். ‘பார்’ என்பதும் அப்படித்தான். ‘ஓடிப் பார்த்தான்’ என்றால் ஓடினான், முடிகிறதா என்று சோதித்தான். ‘ஓடப் பார்த்தான்’ என்றால் ஓட நினைத்தான், அதற்குள் யாரோ பிடித்துவிட்டார்கள். ‘குழந்தை விழப் பார்த்தது’ என்பதில் முயற்சிகூட இல்லை. விழும் நிலைக்குப் போய் மயிரிழையில் தப்பியது என்று பொருள். மெய்ப்பில் இந்த ஓரெழுத்துப் பிழை கண்ணில் படாமல் தப்புவது மற்றப் பிழைகளைவிட எளிது. ஏனெனில் பிழையான வடிவமும் நல்ல தமிழ்ச்சொல்தான்.

இரண்டாம் படி: நீக்கிப் பாருங்கள்

ஐயத்துக்குரிய வினையை எடுத்துவிட்டு, அதன் விகுதியை முன்னால் இருக்கும் வினைக்குக் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: நடந்த வேலைகளில் ஏதாவது குறைந்ததா?

‘பால் பொங்கிவிட்டது’ என்பது ‘பால் பொங்கியது’ என்றாகும். வேலை ஒன்றும் குறையவில்லை, பதற்றம் மட்டும் போய்விட்டது. எனவே ‘விடு’ துணைவினை. ‘பாலைக் காய்ச்சிக் குடித்தான்’ என்பதைப் ‘பாலைக் காய்ச்சினான்’ என்று ஆக்கினால் குடித்தது காணாமல் போகிறது. எனவே ‘குடி’ முதல்வினை. அந்த வாக்கியத்தில் இரண்டு வேலைகள், இரண்டு முதல்வினைகள்.

வினைச்சொற்கள் எத்தனை இருந்தாலும், நடந்த வேலைகளைத்தான் எண்ண வேண்டும். ‘சிரித்துவிட்டுப் போனான்’ என்பதில் மூன்று வினைச்சொற்கள், இரண்டு வேலைகள். ‘பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன்’ என்பதை எண்ணிப் பாருங்கள். முதல் ‘விட்டு’ உண்மையாகவே விட்டது, அதாவது கொண்டு சேர்த்தது. இரண்டாவது ‘விட்டு’, அந்த வேலை முடிந்தது என்று சொல்லும் துணைவினை. ‘வந்தேன்’ தனி வேலை. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து, ஒன்று முதல்வினையாகவும் ஒன்று துணைவினையாகவும் நிற்கிறது. பட்டியல் மனப்பாடம் இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ‘கண்டுபிடித்தான்’ என்பதில் ‘பிடி’யை நீக்கினால் ‘கண்டான்’ என்றாகிப் பொருள் மாறிவிடும். அதற்காக ‘பிடித்தான்’ தனி வேலையும் இல்லை. அவன் எதையும் கையால் பிடிக்கவில்லை. இரண்டு வினைகளும் உருகி ஒரே சொல்லாகிவிட்டன. இதைக் கூட்டுவினை என்பார்கள். ‘கொண்டுவா’, ‘சுட்டிக்காட்டு’ எல்லாம் இந்த வகை. நீக்கினால் வேலை குறையாமல், வேறொன்றாகவே மாறிவிடுகிறது என்றால் கூட்டுவினை என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: நடுவில் ஒரு சொல்லை நுழையுங்கள்

நீக்கிப் பார்த்தும் ஐயம் தீரவில்லை என்றால், இரண்டு வினைகளுக்கும் நடுவில் ஒரு சொல்லைப் போடுங்கள். ‘சாப்பிட்டுப் போனான்’ என்பதைச் ‘சாப்பிட்டு உடனே ஊருக்குப் போனான்’ என்று விரிக்கலாம். ஆகவே ‘போ’ முதல்வினை. ‘பால் கெட்டுப்போனது’ என்பதைக் ‘கெட்டு உடனே போனது’ என்று விரிக்க முடியாது, ஆகவே துணைவினை. தொடக்கத்தில் சொன்ன கதவையும் இப்படியே தீர்க்கலாம். ‘திறந்து உள்ளே பார்த்தேன், யாரும் இல்லை’ என்பது சரியாக வருகிறது. ‘திறந்து உள்ளே பார்த்தேன், திறக்கவே இல்லை’ என்பது உளறல்.

ஏகாரமும் உம்மையும் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ‘வந்தேவிட்டான்’, ‘உடைந்தேபோனது’ என்று துணைவினைக்கு முன்னாலும் அவை நுழைந்துகொள்ளும். முழுச்சொல்லைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

ஒற்று மிகுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. ‘எடுத்துக்கொண்டான்’ என்பதில் ஒற்று மிகுகிறது, ‘செய்துகொண்டான்’ என்பதில் மிகவில்லை, இரண்டும் துணைவினையே. முன்னால் நிற்கும் எச்சம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒற்று வரும்.

இடைவெளியும் முழுமையான சான்று ஆகாது, ஏனெனில் அச்சில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. ஆனால் எழுதுகிறவர் நீங்கள் என்றால் துணைவினையைச் சேர்த்து எழுதும் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ‘அண்ணன் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்’ என்பதில் ‘விட்டார்’ முதல்வினை. இறக்கிச் சென்றார் என்று பொருள். ‘அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்’ என்பதில் துணைவினை. முதலாவதில் இடம் விட்டும் இரண்டாவதில் சேர்த்தும் எழுதினால் படிப்பவர் தடுமாற மாட்டார். நான்கூட எல்லாவற்றையும் சேர்ப்பதில்லை. ‘எழுதிப் பார்த்தேன்’, ‘திட்டித் தீர்த்தார்’ போன்றவற்றைப் பிரித்துத்தான் எழுதுகிறேன். ‘விடு, கொள், இரு’ மூன்றையும் சேர்த்தே எழுதுவேன். அவற்றைப் பிரித்தால்தான் பொருள் அதிகம் குழம்புகிறது.

நான்காம் படி: சேர்ந்த பொருளுக்குப் பெயர் வையுங்கள்

தேர்வுத்தாளில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. துணைவினையை அடிக்கோடிட்டுவிடுகிறார்கள், அது என்ன பொருளைச் சேர்த்தது என்று எழுத வராது. இதற்கு ஒரே வழி, துணைவினை இல்லாத வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் யார் எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று நினைத்துப் பார்ப்பது. எல்லாத் துணைவினைகளையும் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ‘வேண்டும், முடியும், கூடாது’ போன்றவை தம் பொருளை நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வருகின்றன. சிக்கல் கொடுப்பவை விடு, கொள், இரு என்ற மூன்றும்தான்.

விடு

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். ‘பஸ் போனது’ என்று ஒருவர் சொன்னால் அது செய்தி. ‘பஸ் போய்விட்டது’ என்று சொன்னால், இனி அது கிடையாது, ஆட்டோ பிடியுங்கள் என்று பொருள். வேலை முடிந்தது, அதனால் இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டுவதே ‘விடு’ செய்யும் தொண்டு. மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு ‘நிறைந்துவிட்டது’ என்று யாராவது குரல் கொடுத்தால், கீழே இருப்பவர் மோட்டாரை நிறுத்தப் போகிறார். வெறும் ‘நிறைந்தது’ என்பதைக் கேட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

எதிர்காலத்தில் இதே ‘விடு’ உறுதியாக மாறும். ‘நாளைக்குள் முடிப்பேன்’ என்பது திட்டம். ‘நாளைக்குள் முடித்துவிடுவேன்’ என்பது வாக்கு. பழைய இலக்கணக்காரர்கள் இந்த ‘விடு’வைத் துணிவுப் பொருள் விகுதி என்று அழைத்தது இதனால்தான். அவர்கள் துணைவினை என்று பெயரிடவில்லை, விகுதிக் கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

எதிர்மறைக்கு வரும்போதுதான் ‘விடு’வின் குணம் முழுதும் தெரியும். ‘பஸ் போய்விட்டதா?’ என்று கேட்டால் ‘போகவில்லை’ என்பதுதான் இயல்பான பதில். ‘போய்விடவில்லை’ என்றால், போயிருக்கும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், அப்படி இல்லை என்று பொருள். கேட்பவரின் எண்ணத்தை மறுக்கத்தான் அங்கே ‘விடு’ வருகிறது. ‘அப்படி ஒன்றும் பெரிய மழை பெய்துவிடவில்லை’ என்பதும் அப்படியே. ஏவலில் ‘சத்தம் போடாதே’ என்று தடுக்கிறோம். ‘விழுந்துவிடாதே’, ‘மறந்துவிடாதே’ என்று எச்சரிக்கிறோம். தெரிந்தே செய்யும் வேலையைத் தடுக்க ‘விடு’ தேவையில்லை. தெரியாமல் நேரக்கூடிய தவறு என்றால் ‘விடு’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கொள்

‘சட்டையை மாட்டினான்’ என்றால் சட்டை ஆணியில் தொங்குகிறது. ‘சட்டையை மாட்டிக்கொண்டான்’ என்றால் சட்டை உடம்பில் இருக்கிறது. வேலையின் பயன் செய்தவனிடமே திரும்பி வருவதைக் ‘கொள்’ காட்டுகிறது. இதைத் தற்பொருட்டுப் பொருள் என்பார்கள்: தனக்காக.

இந்தத் ‘தனக்காக’ என்பதை நன்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘விரலை வெட்டிக்கொண்டான்’ என்பதில் யாரும் ஆசைப்பட்டு வெட்டிக்கொள்ளவில்லை. விளைவு தன்மேல் விழுந்தது, அவ்வளவே. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ‘முடி வெட்டிக்கொண்டான்’ என்பதில் கத்தரிக்கோலைப் பிடித்தவர் முடிதிருத்துபவர். தலை மட்டுமே இவனுடையது. வேலையை யார் செய்தார் என்பதைக்கூடக் ‘கொள்’ பொருட்படுத்தவில்லை, விளைவு யார்மேல் விழுந்தது என்பதையே பார்க்கிறது. எழுவாய் பன்மையானால் இந்தத் திரும்புதல் ஒருவருக்கொருவர் என்று ஆகும். ‘சகோதரர்கள் அடித்துக்கொண்டார்கள்’ என்பதில் அடி இருபக்கமும் போகிறது.

இதோடு ‘இரு’ சேர்ந்து ‘கொண்டிரு’ என்று வந்தால் தற்பொருட்டை மறந்துவிடுங்கள். ‘பேசிக்கொண்டார்கள்’ என்றால் ஒருவரோடொருவர் பேசினார்கள். ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்றால் பேச்சு நடந்தவண்ணம் இருந்தது. தேர்வில் ‘பாடிக்கொண்டிருந்தாள்’ என்பதைக் கொடுத்துப் பொருள் கேட்டால், தனக்காகப் பாடினாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ‘கொண்டிரு’வை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே துணையாக எடுத்துக்கொண்டு, தொடர்ச்சி என்று எழுத வேண்டும்.

சில இடங்களில் ‘கொள்’ இறுகிப்போய்ச் சொல்லின் பகுதியாகவே ஆகிவிட்டது. ‘குழந்தையைப் பார்’ என்பதும் ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்பதும் இரண்டு வேறு பொறுப்புகள். சட்டையை மாட்டிக்கொண்டவனும் காவலரிடம் மாட்டிக்கொண்டவனும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். இரண்டாமவன் எதையும் மாட்டவில்லை. நீக்கும் சோதனையில் பொருள் வேறாகிவிட்டால், கூட்டுவினைக்குச் சொன்னதை இங்கும் பின்பற்றி, முழுவதையும் ஒரு சொல்லாகவே கொள்ளுங்கள்.

இரு

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காலையில் வாசல் கதவைத் திறக்கிறீர்கள். தெரு நனைந்திருக்கிறது. ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறீர்கள். மழையை நீங்கள் பார்க்கவில்லை, அது விட்டுச்சென்ற ஈரத்தைப் பார்க்கிறீர்கள். இரவெல்லாம் விழித்திருந்து மழையைப் பார்த்தவர் ‘மழை பெய்தது’ என்றுதான் சொல்வார். அடையாளத்தை வைத்து ஊகித்தேன், நேரில் காணவில்லை என்ற சாட்சிக் குறிப்பை ‘இரு’ சுமந்து வருகிறது. ‘யாரோ என் பையைத் திறந்திருக்கிறார்கள்’ என்பதிலும் அதே குறிப்பு. திறந்ததைக் கண்ணால் கண்டிருந்தால் ‘யாரோ’ என்ற சொல்லுக்கே இடமில்லை.

ஆனால் எல்லா ‘இரு’வும் ஊகம் இல்லை. ‘மாமா வந்திருக்கிறார்’ என்றால் வந்தார், இன்னும் இங்கேதான் இருக்கிறார், விளைவு நீடிக்கிறது. ‘நான் மதுரைக்கு மூன்று முறை போயிருக்கிறேன்’ என்றால் அனுபவம். ஆள் மதுரையில் இல்லை. பொருளைப் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: சொல்பவருக்கு இது எப்படித் தெரியும்? தன் அனுபவத்தைத் தானே சொன்னால் ஊகத்துக்கு வழியில்லை. பிறரைப் பற்றியோ இயற்கையைப் பற்றியோ, அடையாளத்தைக் காட்டிச் சொன்னால் ஊகம். இறந்தகாலத்தில் ‘வந்திருந்தார்’ என்று ஆகும்போது கதையின் நேரத்துக்கு முன்பே நடந்தது என்று பொருள்படும்.

மற்றவை

வை: பின்னால் பயன்படட்டும் என்று செய்வது. ‘மாவை அரைத்துவைத்தாள்’, ‘சொல்லிவைத்தேன்’. ஆனால் ‘எதையாவது உளறிவைக்காதே’ என்று கண்டிக்கும்போது, வேண்டாத விளைவு என்ற பொருளாகத் திரும்பிவிடும்.

போ: ‘செய்து’ வடிவத்தோடு, விரும்பாத மாற்றம். கெட்டுப்போனது, இற்றுப்போனது. ‘செய்ய’ வடிவத்தோடு, அடுத்து நடக்கவிருப்பது. ‘மழை பெய்யப் போகிறது.’ ‘அவன் படிக்கப் போகிறான்’ என்ற வாக்கியத்தைத் தனியாகக் கொடுத்தால் துணைவினையா முதல்வினையா என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் பையோடு தெருவில் போகிறானா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறானா என்பது தெரிய வேண்டும்.

தொலை: எரிச்சல். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல்வினை செயப்படுபொருள் குன்றியதாக இருந்தால் ‘வந்து தொலைந்தான்’. குன்றாததாக இருந்தால் ‘வாங்கித் தொலைத்தான்’. தன் பொருளை இழந்த பிறகும் முதல்வினையின் போக்குக்கு ஏற்ப உடையை மாற்றிக்கொள்கிறது. தள்ளு, தீர் இரண்டும் அளவு மிகுதியைக் காட்டும்: எழுதித் தள்ளினார், திட்டித் தீர்த்தார்.

ஐந்தாம் படி: ஒரு பத்தியை முழுதாகப் பிரித்தல்

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்த பத்தி இது.

“வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்தேன். மதியமே அத்தை வந்து கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். நான் தெருமுனையில் திரும்பியபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்து முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார். எனக்காகக் கொண்டுவந்த முறுக்கில் பாதி தீர்ந்துவிட்டிருந்தது.”

முதல் வாக்கியத்தில் ‘பூட்டி’ தனி வேலை, அதை வைத்துக்கொள்கிறோம். ‘கொடுத்துவைத்திருந்தேன்’ என்பதைக் கடைசியிலிருந்து உரித்தால் ‘இரு’ கழல்கிறது, பிறகு ‘வை’ கழல்கிறது, ‘கொடு’ மிஞ்சுகிறது. ஒரு வேலை, இரண்டு துணைகள். ‘வை’ யாராவது வந்தால் உதவும் என்ற முன்யோசனையைச் சேர்க்கிறது. ‘இரு’ கதை தொடங்கும் முன்பே அது நடந்துவிட்டதைச் சொல்கிறது. இவற்றின் வரிசையை மாற்றிக் ‘கொடுத்திருந்துவைத்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள்; வாயில் நுழையாது. வேலையின் தன்மையைச் சொல்லும் துணை உள்ளே நிற்கும், காலநிலையைச் சொல்லும் ‘இரு’ வெளியே நிற்கும்.

இரண்டாவதில் ‘வந்து’ முதல்வினை. ‘வந்து மெதுவாகக் கேட்டு’ என்று சொல் நுழைகிறது. ‘கேட்டுப் பார்த்திருக்கிறார்’ என்பதில் ‘பார்’ முயற்சியைக் காட்டுகிறது. கேட்டும் சாவி கிடைக்கவில்லை என்பது அதிலேயே தொனிக்கிறது. மூன்றாவதில் ‘பயந்துபோய்’ என்ற இடத்தில் பலர் ஏமாறுவார்கள், ஏனெனில் துணைவினை முற்றாக இல்லாமல் எச்சமாக நிற்கிறது. பையன் எங்கும் போகவில்லை, பயந்தான், அவ்வளவே. ‘சாத்திக்கொண்டான்’ என்பதில் கதவுக்குப் பின்னால் தன்னைப் பத்திரப்படுத்திக்கொண்டதைக் ‘கொள்’ காட்டுகிறது. இறுதியில் உள்ள ‘ஆம்’ வினை இல்லை, பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் இடைச்சொல்.

நான்காவதில் ‘உட்கார்ந்து’ தனி வேலை, ‘கொண்டிருந்தார்’ தொடர்ச்சி. ஐந்தாவதில் ‘கொண்டுவந்த’ கூட்டுவினை. ‘வந்த’ என்பதைத் துணைவினை என்று அடிக்கோடிட்டால் மதிப்பெண் போகும். ‘தீர்ந்துவிட்டிருந்தது’ என்பதில் ‘விடு’ முடிவையும், ‘இரு’ நான் வருவதற்கு முன்பே முடிந்ததையும் சொல்கின்றன.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ‘பார்த்திருக்கிறார்’ என்ற சொல்லில் மட்டும் பென்சிலை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, அத்தை சாவி கேட்டதை நீங்கள் நேரில் பார்க்கவில்லை, அல்லவா? ஆனால் முறுக்கு தின்றதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.”

கடைசிச் சொல்லில் அவளே ஓர் ‘இரு’வைப் போட்டிருந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “தின்றிருக்கிறார் என்று எழுதாமல் தின்றுகொண்டிருந்தார் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்” என்றாள்.